செய்தி வந்த வீட்டுத் திண்ணையில் கூடும் சொந்தங்களுக்கு

பென்னாகரம் வட்டாரத்துப் பங்காளிகளே, மாமன் மச்சான்களே, அத்தைமார்களே, ஊர்க்கவுண்டர்களே,

வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்ட பிள்ளைகளுக்கு இதுவரை பலர் புத்தி சொல்லிவிட்டார்கள். பெற்றவர்களுக்கும் ஆறுதல் சொல்ல ஆள் இருக்கிறது. இந்த இரண்டு தரப்புக்கும் நடுவே வந்து உட்காரும் உங்களிடம்தான் யாரும் எதுவும் கேட்பதில்லை. "எங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சிப்பா" என்று பிள்ளை போனில் சொல்லி வைத்த அடுத்த ஒரு மணி நேரத்தில் அந்த வீட்டு வாசலில் பத்து வண்டி நிற்கிறதே, அந்த வண்டிகளில் வந்தவர்களுக்கு நான் எழுதுகிறேன்.

நான் பத்திரம் எழுதிப் பிழைப்பவன். கல்யாணமும் நிலமும் ஒரே அலுவலகத்தில்தான் பதிவாகின்றன. ஒரு பக்கம் மாலையும் கழுத்துமாக நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். இன்னொரு பக்கம், சில வாரம் கழித்து, அதே பிள்ளையின் பெயரை விட்டுவிட்டுப் பத்திரம் எழுதச் சொல்லி வரும் சொந்தக்காரர்களையும் பார்க்கிறேன். இரண்டையும் பார்க்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பதால் உங்களிடம் இதைச் சொல்லும் உரிமை எனக்கு இருப்பதாக நினைக்கிறேன்.

முதலில், அந்த இரவு உங்கள் கண்ணில் படாத ஒன்றைச் சொல்கிறேன். செய்தி கேட்ட தகப்பன் முதலில் கோபப்படுவதில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு, வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறார். மகள் கழுத்தில் மஞ்சள் கயிறு. பக்கத்தில் யாரோ ஒரு பையன். எந்தக் கோயில் என்று தெரிகிறதா என்று பின்னால் உள்ள சுவரைப் பார்க்கிறார். "சாப்டிருப்பாளா" என்று மனைவியைக் கேட்கிறார். அந்த நேரத்தில் அவர் வெறும் தகப்பன். கோபம் வருவது நீங்கள் வந்து உட்கார்ந்து, "என்ன பண்ணப் போற?" என்று கேட்ட பிறகுதான். அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் கிடையாது. பதில் இல்லாத மனுசனைப் பார்த்து, "எங்க வீட்டுப் பொண்ணா இருந்திருந்தா..." என்று ஒருவர் ஆரம்பிக்கிறார். அதற்குப் பிறகு அவர் தன் மகளைப் பற்றி யோசிப்பதில்லை. உங்களைப் பற்றித்தான் யோசிக்கிறார்.

இந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்க நமக்கு இன்னும் எப்படி வாய் வருகிறது என்பதுதான் என் முதல் மனத்தாங்கல்.

2012 அக்டோபரில் தருமபுரிக்குப் பக்கத்தில், நத்தம் காலனியைச் சேர்ந்த இளவரசன் என்ற தலித் இளைஞரும், அருகிலுள்ள ஊரைச் சேர்ந்த வன்னியர் பெண்ணும் வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்டார்கள். காவல்துறையிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். பெண்ணைத் திருப்பி அனுப்பச் சொல்லிப் பேச்சுவார்த்தை நடந்தது. பெண் வர மறுத்தார். நவம்பர் 7ஆம் தேதி பெண்ணின் தந்தை உயிரை விட்டார். அவருடைய உடலை சாலையில் வைத்து மறியல் நடந்தது. அன்றைக்கே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று குடியிருப்புகளில் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுக் கொளுத்தப்பட்டன. அந்தக் கல்யாணத்துக்குச் சம்பந்தமே இல்லாதவர்களின் வீடுகள் அவை. அதற்குப் பிறகும் விடவில்லை. பெண்ணின் தாயார் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். 2013 ஜூனில் அந்தப் பெண் தாயாரிடம் போய்விட்டார். ஜூலை 3ஆம் தேதி, இனி இளவரசனோடு வாழப்போவதில்லை என்று சொன்னார். மறுநாள் தருமபுரி அரசுக் கலைக் கல்லூரிக்குப் பின்னால், ரயில் தண்டவாளத்துக்கு அருகே இளவரசனின் உடல் கிடந்தது. தற்கொலை என்றது விசாரணை. குடும்பம் இன்றுவரை அதை ஏற்கவில்லை.

இதில் யார் ஜெயித்தார்கள் என்று சொல்லுங்கள். அந்தப் பெண் அப்பாவையும் இழந்தார், கணவனையும் இழந்தார். கொளுத்தப்பட்ட வீடுகளில் நகை, நாற்காலி, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் போயின. சாலையில் கூடியவர்களோ அன்று மாலையே அவரவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். அந்தத் தகப்பனுடைய மனத்தில் என்ன ஓடியது என்று நமக்குத் தெரியாது, அதை ஊகிக்கவும் நான் விரும்பவில்லை. ஆனால் மகள் போன வீட்டில் சுற்றத்தார் செய்ய வேண்டிய ஒரே வேலை அந்தத் தகப்பனை உயிரோடும் நிம்மதியோடும் வைத்திருப்பதுதான் என்று அந்த நவம்பர் நமக்குக் கற்றுக் கொடுத்திருக்க வேண்டும்.

இப்போது நீங்கள் திண்ணையில் உட்கார்ந்து சொல்லும் யோசனைகளுக்கு வருகிறேன். எல்லா வீட்டிலும் அதே மூன்று யோசனைகள்தான்.

முதலாவது, "வக்கீல் ரூம்ல கட்டின தாலி செல்லாது, ஒடச்சிடலாம்" என்பது. செல்லும். தமிழ்நாட்டில் 1967இல் அண்ணா ஆட்சியில் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. ஐயரும் வேண்டாம், அக்னியும் வேண்டாம். உறவினர்களோ நண்பர்களோ மற்றவர்களோ இருக்கும்போது, ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்றுக்கொள்வதாகத் தங்களுக்குப் புரியும் மொழியில் சொல்லி, மாலை மாற்றினாலோ, மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ போதும். வக்கீல்கள் முன்னிலையில் இப்படி நடந்த கல்யாணம் செல்லாது என்று 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதை 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. வக்கீலும் ஒரு நண்பராக அங்கே நிற்கலாம், ரகசியமாக நடந்தது என்பதற்காகவே கல்யாணம் இல்லாமல் போகாது என்றது. அந்த வழக்கைப் போட்டவர் பெயரும் இளவரசன்தான். அவர் வேறு ஒருவர். ஆனால் தருமபுரிக்காரனான எனக்கு அந்தப் பெயரைத் தீர்ப்பில் படித்தபோது ஒரு நிமிடம் கண் நின்றுவிட்டது.

பதிவு என்பது அதற்கு அடுத்த படி. 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் நடக்கும் எந்தக் கல்யாணத்தையும் தொண்ணூறு நாளுக்குள் பதிய வேண்டும். வயதுச் சான்று, முகவரிச் சான்று, கல்யாணம் நடந்ததற்கான அத்தாட்சி, சாட்சிகளின் கையெழுத்து ஆகியவற்றைக் கேட்பார்கள். அப்பா கையெழுத்து எந்தக் கட்டத்திலும் கேட்கப்படுவதில்லை. சான்றிதழ் கையில் வந்த பிறகுதான் பெரும்பாலான பிள்ளைகள் வீட்டுக்குச் சொல்கிறார்கள். ஆகவே உங்களுக்குச் செய்தி வரும்போது காரியம் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடைப்பதற்கு அங்கே ஒன்றும் பாக்கியில்லை.

"சொல்லிட்டுச் செய்திருக்கலாமே, ஏன் திருட்டுத்தனம்?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான வருத்தம்தான். சொல்லிவிட்டுச் செய்கிற வழி ஒன்றைச் சட்டம் வைத்திருக்கிறது. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி, கல்யாணம் செய்யப்போகும் இருவரும் முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அந்த அறிவிப்பை எல்லாரும் பார்க்கும்படி அலுவலகப் பலகையில் முப்பது நாள் ஒட்டி வைப்பார்கள். பெயர், வயது, தொழில், முகவரி எல்லாம் அதில் இருக்கும். வேறு மாவட்டத்துக்காரர் என்றால் அவருடைய சொந்த ஊர் அலுவலகத்துக்கும் நகல் போகும். வில்லங்கம் போட வந்தவர், ஜாமீனுக்குச் சொத்து மதிப்பு எடுக்க வந்தவர், சும்மா நிழலுக்கு ஒதுங்கியவர் எல்லாரும் அதைப் படிப்பார்கள். படித்தவர் சும்மா இருப்பாரா? மாலைக்குள் ஊரில் விஷயம் போய்ச் சேரும். மதம் மாறாமல் வேறு மதத்தில் மணப்பவர்களுக்கு இதுதான் வழி. சாதி மட்டும் வேறு என்றால் கோயிலில் தாலி கட்டிவிட்டுப் பதிந்துகொள்ளலாம், அறிவிப்பு வேண்டியதில்லை. பிள்ளைகள் எந்த வழியில் போவார்கள் என்று நீங்களே யோசியுங்கள். முப்பது நாள் முன்னால் சொன்னால் உயிரோடு வாழலாம் என்ற நம்பிக்கையை நாம் கொடுத்திருந்தால், முடிந்த பிறகு சொல்லும் நிலைமை வந்திருக்காது.

இரண்டாவது யோசனை, "பொண்ணக் காணோம்னு கம்ப்ளைண்ட் குடுங்க, போலீஸ் பிடிச்சிக் குடுத்துரும்" என்பது. மகள் எங்கே என்றே தெரியாத நிலையில் புகார் கொடுப்பது சரிதான், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் மகள் போனில் பேசிவிட்டாள், கல்யாணம் ஆன சான்றிதழையும் அனுப்பிவிட்டாள். அதன் பிறகும் தகப்பனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், "கடத்திட்டான்" என்று எழுதச் சொல்கிறீர்கள். என்ன நடக்கும் என்று தெரியுமா? பிள்ளைகள் காவல் நிலையத்துக்கு வருவார்கள், பெரும்பாலும் வக்கீலோடு. பெண்ணின் மாற்றுச் சான்றிதழைப் பார்ப்பார்கள். பதினெட்டு நிறைந்திருந்தால், "யாரோட போக விரும்புற?" என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். அவள் சொன்ன இடத்துக்கு அவளை அனுப்பி வைப்பார்கள். சில சமயம் மாஜிஸ்திரேட் முன்னிலையில் நிறுத்துவார்கள், அங்கேயும் அதே கேள்விதான். இதற்கு நடுவில் நீங்கள் செய்வது ஒன்றுதான். அந்த நிலைய வாசலில், முப்பது பேர் பார்க்க, தாயையும் மகளையும் எதிரெதிரே நிறுத்துகிறீர்கள். தாய் மண்ணை வாரித் தூற்றுகிறாள். மகள் குனிந்தபடி வண்டியில் ஏறுகிறாள். வீட்டுக்குள் பேசித் தீர்ந்திருக்கக்கூடிய ஒன்று அந்த அரை மணி நேரத்தில் பத்து வருசப் பகையாகிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பெண்ணுக்குப் பதினெட்டு ஆகவில்லை என்றால் இந்த மடல் அந்த வீட்டுக்கு அல்ல. அதைக் கல்யாணமாகப் பார்க்கக் கூடாது, அது குழந்தையைக் காப்பாற்ற வேண்டிய விஷயம். 1098க்கு அழைக்க வேண்டும். பையனுக்கு இருபத்தொன்று ஆகாவிட்டாலும் சட்டச் சிக்கல் உண்டு. நத்தம் இளவரசனுக்கே அப்போது அந்த வயது நிரம்பியிருக்கவில்லை. ஆனால் வயதைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், "ஓடிப்போயிடுவா" என்ற பயத்திலேயே நம் மலையோர ஊர்களில் பத்தாவது படிக்கும் பெண்ணுக்கு அவசர அவசரமாகத் தாலி கட்டி வைக்கிறோம். பதினெட்டு நிறைந்தவள் தானாகத் தேர்ந்தால் குற்றம், பதினைந்து வயதுக்காரியை நாமாகத் தள்ளிவிட்டால் கடமை என்கிற கணக்கை எந்தத் தெய்வத்தின் முன்னால் வைத்து ஒப்பிப்பீர்கள்?

மூன்றாவது யோசனைதான் பயங்கரமானது. "நல்லபடியா பேசி வரச் சொல்லுங்க, வந்த பிறகு பாத்துக்கலாம்." இந்த 'பாத்துக்கலாம்' எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். முன்பு நம் மாவட்டமாக இருந்த கிருஷ்ணகிரிப் பக்கம், ஓசூர் வட்டாரத்தில், 2018 ஆகஸ்டில் சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட ஒரு ஜோடியை நவம்பரில் பெண்ணின் சொந்தக்காரர்கள் காரில் கர்நாடகத்துக்குக் கொண்டுபோனார்கள். இருவரின் உடல்களும் மாண்டியா மாவட்டத்தில் காவிரியில் மிதந்தன. நம் ஒகேனக்கலுக்கு வந்து விழுகிற அதே காவிரி. பெண்ணின் தகப்பனும் உறவினர்களும் கைதானார்கள். 2023 ஏப்ரலில் ஊத்தங்கரைப் பக்கம் ஒரு தகப்பன், தலித் பெண்ணை மணந்த தன் மகனையும், அவனுக்கு இடம் கொடுத்த தன் சொந்தத் தாயையும் வெட்டிக் கொன்றார். மருமகள் படுகாயத்தோடு தப்பினாள். இது பையன் வீட்டில் நடந்தது என்பதை மறக்காதீர்கள். "பொண்ணு வீட்டுக்காரங்களுக்குத்தான் வலி" என்று சொல்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

இதெல்லாம் உங்கள் பிள்ளைகளுக்கும் தெரியும். அவர்கள் கையிலும் போன் இருக்கிறது. அதனால்தான் நீங்கள் அன்பாகக் கூப்பிட்டாலும் வருவதில்லை. "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை" என்று ஒருமுறை பொய் சொல்லிவிட்டீர்கள் என்றால், நாளைக்கு அந்த அம்மா நிஜமாகவே சாகக் கிடக்கும்போதும் அவள் வர மாட்டாள். அந்தப் பாவமும் பொய் சொல்லச் சொன்னவரையே சேரும்.

சட்டத்தையும் ஒருமுறை காதில் போட்டு வைக்கிறேன். வயது வந்த இருவர் மணந்துகொள்ள குடும்பத்தின் சம்மதமோ சமூகத்தின் சம்மதமோ தேவையில்லை என்றும், அவர்களுக்கு எதிராகக் கூட்டம் கூட்டி முடிவெடுப்பதே சட்டவிரோதம் என்றும் 2018 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்கு முன்பே, 2016இல், உசிலம்பட்டிப் பெண் ஒருவரின் சாவு தொடர்பான வழக்கில், இப்படிப்பட்ட ஜோடிகளுக்காக ஒவ்வொரு மாவட்டத்திலும் எஸ்.பி.யும் சமூக நல அலுவலரும் ஆதிதிராவிடர் நல அலுவலரும் கொண்ட தனிப்பிரிவு வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நீங்கள் ராத்திரி திண்ணையில் பேசும் பேச்சு வழக்காகிவிட்டால், அதில் பேசிய பத்துப் பேருடைய பேரும் சேரும்.

இனி என் தொழிலிலிருந்து ஒன்று சொல்கிறேன். கசப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"இனி அவ எங்களுக்குப் பொண்ணே இல்ல" என்று ஊரறியச் சொல்ல வைக்கிறீர்கள். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டச் சொல்கிறவர்களும் உண்டு. அந்தச் சூடு ஆறுவதற்குள் தகப்பனை அழைத்துக்கொண்டு என்னிடம் வருகிறீர்கள். "பையன் பேருக்கு மட்டும் செட்டில்மெண்ட் எழுதிடுங்க, இல்லன்னா என் தம்பி பையன் பேருக்கு எழுதிடுங்க, நாளைக்கு அந்தப் பய வந்து பங்கு கேப்பான்." தகப்பன் வாயே திறப்பதில்லை. சர்வே நம்பரை அவரை விடச் சரளமாகச் சொல்வது பக்கத்தில் வந்த பங்காளிதான். நான் பட்டாவைப் பார்க்கிறேன். தாத்தா வழியில் வந்த நிலம். பங்காளியின் வரப்புக்கு அடுத்த வரப்பு.

பூர்வீக நிலத்தில் மகளுக்கு மகனைப் போலவே பிறப்பால் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989லேயே அதற்குச் சட்டம் வந்தது, 2005இல் நாடு முழுக்க வந்தது. 2020இல் உச்ச நீதிமன்றம் அதை இன்னும் உறுதியாக்கியது. வேறு சாதியில் கட்டிக்கொண்டால் அந்தப் பங்கு போய்விடும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. தகப்பன் சுயமாகச் சம்பாதித்ததை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். பூர்வீகத்தில் அவளுடைய பங்கை எழுதிக் கொடுக்க அவருக்கே உரிமை இல்லை. அவள் பெயரை மறைத்து எழுதிய பத்திரம் பின்னால் நீதிமன்றத்தில் பிரிக்கப்படும், அதற்குள் இரண்டு வீட்டுப் பணமும் வக்கீலுக்குப் போயிருக்கும். எல்லாப் பங்காளியும் நிலத்துக்காகத்தான் கோபப்படுகிறார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மானம் மானம் என்று அதிகமாகச் சத்தம் போட்டவரே பத்திரச் செலவை நான் கொடுக்கிறேன் என்று முன்வருவதைப் பார்க்கும்போது எனக்குச் சந்தேகம் வராமல் இல்லை. தகப்பன்மார்களே, இந்த மடல் உங்களுக்கு அல்ல என்றாலும் ஒரு வார்த்தை: மனசு கொதிக்கும்போது எந்தப் பத்திரத்திலும் கைநாட்டு வைக்காதீர்கள்.

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. நானே பார்த்தேன். ஏரியூர்ப் பக்கத்து ஊர், பேர் சொல்ல மாட்டேன். ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போன பெண், கூட வேலை செய்த வேறு சாதிப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு தம்பிக்குப் போன் செய்தாள். வழக்கம்போலத் திண்ணை நிறைந்தது. பேச்சு ஏறிக்கொண்டே போனபோது பெண்ணின் அத்தை, தகப்பனுக்கு மூத்தவர், உள்ளேயிருந்து வந்தார். "அண்ணங்காரன் தம்பிங்காரன் எல்லாம் வீட்டுக்குப் போய்ப் படுங்க. நாளைக்குக் கேள்வி கேக்கலாம். எந்தம்பி ரெண்டு வாய் சாப்படணும்" என்றார். அவ்வளவுதான். வந்தவர்களுக்கு எழுந்து போக ஒரு சாக்கு தேவைப்பட்டிருக்கிறது. எழுந்து போனார்கள்.

அந்தம்மா அடுத்து செய்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். பிள்ளைகளை வரச் சொல்லவில்லை. "எங்க பாத்தா உங்களுக்குப் பயமில்லையோ அங்க வர்றோம்" என்று போனில் சொன்னார். அவரும் அவருடைய வீட்டுக்காரரும் மட்டும் பஸ் ஏறினார்கள். ஓசூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டலில், நாலு பேர் இருக்கிற இடத்தில், பிள்ளைகள் காத்திருந்தார்கள். சான்றிதழைக் கேட்கவில்லை, சாதியைக் கேட்கவில்லை. "எங்க தங்கியிருக்கீங்க, வாடகை எவ்வளவு, யார் சமைக்கறது" என்று கேட்டார். அறையைப் போய்ப் பார்த்தார். ஒற்றை அடுப்பு, ஒரு பாய், கொடியில் இரண்டு பேருடைய கம்பெனி யூனிஃபார்ம். திரும்பி வந்து தம்பியிடம், "பொண்ணு நல்லா இருக்குது, ராகி மாவும் புளியும் குடுத்தனுப்பு" என்றார். தாய் அன்றைக்கே மாவு அரைக்கப் போனாள்.

எல்லாம் சினிமா மாதிரி முடிந்துவிடவில்லை. அந்தத் தகப்பன் மருமகனோடு இன்றைக்கும் "வாங்க", "சாப்டீங்களா" என்ற இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. சம்பந்திகள் வீட்டுக்குள் போய் வருவது இன்னும் நடக்கவில்லை. பரவாயில்லை. ஒரு பெண் தன் தாய்க்குப் பயமில்லாமல் போன் செய்கிறாள், யாரும் சாகவில்லை, யாருடைய வீடும் எரியவில்லை. ஏற்றுக்கொள்வது என்பது ஒரே நாளில் கட்டிப்பிடித்து அழுவது என்று நினைத்துக்கொண்டுதான் பலரும் அதற்குப் பயப்படுகிறார்கள். முதல் வருசத்துக்கு அந்த ராகி மாவு போதும்.

ஆனால் அந்த வீட்டில் இது நடந்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. ஊர் சும்மா இருந்தது. அந்த வருசம் மாரியம்மன் பண்டிகைக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்க வந்தபோது அவர்கள் வீட்டு வரியையும் வாங்கிக்கொண்டார்கள். வேறு ஊர்களில் அப்படி வாங்குவதில்லை. வரியை வாங்க மறுத்தால், மாவிளக்கு எடுக்க முடியாது. விசேஷத்துக்கு அழைப்பு வராது. சாவுக்குக்கூட ஆள் வர யோசிக்கும். மகளுக்குப் பின் பிறந்த மகனின் கல்யாணம் நிற்கும். ஒரு தகப்பன் மகளை மன்னிக்க நினைத்தாலும், இந்த ஒரு பயம் அவர் வாயை அடைத்துவிடுகிறது. அந்தப் பூட்டின் சாவி அவரிடம் இல்லை, உங்களிடம்தான் இருக்கிறது.

ஆகவே நான் கேட்பது இதுதான்.

அப்படி ஒரு செய்தி எந்த வீட்டுக்கு வந்தாலும் முதல் சில நாள் கூட்டமாகப் போகாதீர்கள். தகப்பனோடும் தாயோடும் இரவில் துணைக்குப் படுக்க நெருங்கியவர் ஒருவர் மட்டும் போங்கள். அவர்களைத் தனியே விடாதீர்கள், கேள்வியும் கேட்காதீர்கள். பெண் எங்கே இருக்கிறாள் என்று தெரிந்த பிறகு காவல் நிலையத்துக்கு வண்டி கட்டாதீர்கள். பிள்ளைகளை வரச் சொல்லாதீர்கள், அவர்கள் சொல்லும் இடத்துக்கு இரண்டு பேர் போங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். நிலப் பேச்சை அந்த வருசம் எடுக்காதீர்கள். உங்களில் யாராவது வெட்டுவேன் குத்துவேன் என்று சொன்னால் அதைக் குடிபோதைப் பேச்சு என்று விட்டுவிடாமல், பிள்ளைகளுக்கும் போலீசுக்கும் உடனே தெரியப்படுத்துங்கள். ரத்த சொந்தத்தைக் காட்டிக்கொடுப்பதாக நினைக்காதீர்கள், அவரையும் சேர்த்துத்தான் நீங்கள் காப்பாற்றுகிறீர்கள்.

ஊர்க்கவுண்டர்களே, உங்களிடம் தனியாக ஒன்று. உங்கள் ஊரில் இப்படி ஒரு வீடு இப்போதே இருக்கும். பெயர் உங்களுக்குத் தெரியும். வரும் பண்டிகைக்குக் கூட்டம் போட்டு வரி எழுத உட்காரும்போது, மற்றவர்கள் வாய் திறப்பதற்கு முன் நீங்களே அந்த வீட்டுத் தலைக்கட்டின் பெயரைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகள் விஷயத்துக்காக இந்த ஊரில் யாரையும் ஒதுக்கி வைப்பதில்லை என்பதையும் அந்தக் கூட்டத்திலேயே, எல்லாரும் கேட்கும்படி சொல்லிவிடுங்கள். மீதியை அந்தத் தகப்பன் பார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
உங்கள் பத்திரங்களை எழுதும்
பென்னாகரத்துக்காரன்